இருபது கருவிகள், ஒரு சம்மரி

சென்னையில் ஒரு மென்பொருள் சேவை நிறுவனம். அங்கே 11 ஆண்டுகளாக டேட்டாபேஸ் நிர்வாகியாக இருக்கும் ஒருவர் வேலை மாற நினைத்து ரெஸ்யூமே எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மேலே பெயர், கைபேசி எண். அதற்குக் கீழே சம்மரி என்ற தலைப்பில் ஆறு வரி: "ஆரக்கிள் 11ஜி, 12சி, 19சி, ராக், டேட்டா கார்டு, ஆர்மேன், கோல்டன்கேட், லினக்ஸ், ஏஐஎக்ஸ், ஷெல் ஸ்கிரிப்ட், பைதான், ஆன்சிபிள், டெராஃபார்ம், ஏடபிள்யூஎஸ், ஜென்கின்ஸ், கிட், ஜிரா, சர்வீஸ்நவ், கிராஃபானா, எம்எஸ் ஆபீஸ் ஆகியவற்றில் 11 ஆண்டு அனுபவம் உள்ளவர். கடின உழைப்பாளி. குழுவோடு இணைந்து பணியாற்றக்கூடியவர்."

அதே பக்கத்தின் கீழ்ப்பகுதியில் ஸ்கில்ஸ் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதிலும் இதே இருபது பெயர்கள்.

அவர் எழுதியதில் பொய் எதுவும் இல்லை. இருபதையும் அவர் ஏதோ ஒரு ப்ராஜெக்டில் தொட்டிருக்கிறார். ஆனாலும் படித்து முடித்தவருக்கு அவர் என்ன வேலை செய்பவர் என்பது தெரியாது. ராத்திரி இரண்டு மணிக்கு டேட்டாபேஸ் நின்றுபோனால் கூப்பிட வேண்டிய ஆளா, புது சர்வர்களை வரிசையாக அமைத்துக் கொடுப்பவரா, பழைய அமைப்பை கிளவுடுக்கு மாற்றித் தருபவரா? மூன்று வேலைக்கும் கருவிகள் ஏறக்குறைய ஒன்றுதான். சம்பளமும் பொறுப்பும்தான் வேறு.

இந்தப் பழக்கத்துக்குக் காரணம் உண்டு. சேவை நிறுவனங்களில் ஒருவரை வாடிக்கையாளரின் ப்ராஜெக்டுக்கு அனுப்பும்போது, நிறுவனத்தின் படிவத்தில் அவருடைய விவரத்தை நிரப்பி அனுப்புவார்கள். அங்கே வாடிக்கையாளர் கேட்பது "ஆரக்கிள் தெரியுமா, லினக்ஸ் தெரியுமா" என்பதுதான். பல ஆண்டுகள் அந்தப் படிவத்தையே நிரப்பியவருக்கு, தன்னைப் பற்றி எழுது என்றால் கருவிகளின் பெயர்தான் முதலில் வரும்.

வெளியே வேலை தேடும்போது ரெஸ்யூமேயைப் படிப்பவர்கள் இரண்டு வகை. முதல் வகை தேடுபவர்கள். ஆள் எடுக்கும் ரெக்ரூட்டர் ஒரு தளத்தில் "ஆரக்கிள்", "டேட்டா கார்டு", "ஆன்சிபிள்" என்று தட்டுகிறார். மென்பொருள் அந்தச் சொற்கள் உள்ள ரெஸ்யூமேக்களைப் பொறுக்கித் தருகிறது. இந்தக் கட்டத்தில் பட்டியல்தான் பேசும். இரண்டாம் வகை படிப்பவர்கள். பொறுக்கிய கோப்புகளில் யாரைக் கூப்பிடலாம் என்று முடிவெடுக்கும் மனிதர்கள். அமெரிக்க வேலைவாய்ப்புத் தளமான லேடர்ஸ் 2018-இல் வெளியிட்ட கண்ணசைவு ஆய்வின்படி, ரெக்ரூட்டர் ஒரு ரெஸ்யூமேயை முதல் பார்வையில் பார்க்கும் நேரம் சராசரியாக 7.4 நொடி. அந்த நொடிகளில் கண் முதலில் விழும் இடத்தில் இருபது பெயர்ச்சொற்களை அடுக்கிவைத்தால், அவர் ஒன்றையும் பிடித்துக்கொள்ளாமல் கீழே போய்விடுவார்.

நௌக்ரி தளத்தில் பதிவு செய்தவர்கள் கவனித்திருப்பார்கள். அங்கே ரெஸ்யூமே தலைப்பு வரிக்கு ஒரு பெட்டி, முக்கியத் திறன்களுக்கு ஒரு பெட்டி, ஐடி திறன்களுக்கு ஒரு பெட்டி, தன்னைப் பற்றிய சுருக்கத்துக்கு ஒரு பெட்டி என்று தனித்தனியாக இருக்கும். ஐடி திறன் பெட்டியில் மென்பொருளின் பெயரோடு அதன் பதிப்பு, கடைசியாகப் பயன்படுத்திய ஆண்டு, எத்தனை ஆண்டு அனுபவம் என்பதையும் தனியாகக் கேட்பார்கள். பட்டியலுக்கு இவ்வளவு நல்ல இடம் இருக்கும்போது, பலர் அதே வரியை நான்கு பெட்டியிலும் ஒட்டிவிடுகிறார்கள். சுருக்கத்துக்கான பெட்டி வீணாகிவிடுகிறது.

சம்மரி கெட்டிருக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு. அதில் உள்ள கருவிப் பெயர்களை எல்லாம் அடித்துவிட்டு, மிச்சத்தைப் படிக்க வேண்டும். நம் டேட்டாபேஸ் நிர்வாகியின் சம்மரியில் மிஞ்சுவது "11 ஆண்டு அனுபவம் உள்ளவர், கடின உழைப்பாளி, குழுவோடு இணைந்து பணியாற்றக்கூடியவர்" என்பதுதான். பக்கத்து மேசைக்காரர் தன் பெயரைப் போட்டுக்கொண்டாலும் அது அப்படியே பொருந்தும்.

அப்படியானால் அங்கே என்ன எழுதுவது? அவரிடம் கொஞ்ச நேரம் பேச்சுக் கொடுத்தால் கிடைத்துவிடும். எவ்வளவு பெரிய அமைப்பைப் பார்த்துக்கொள்கிறீர்கள்? ஒரு ஐரோப்பிய சில்லறை வணிக நிறுவனத்தின் 40 டேட்டாபேஸ்கள். பெரியது 12 டெராபைட். நீங்கள் வந்த பிறகு எது மாறியது? அவர் முதலில் "அப்படி ஒன்றும் இல்லை" என்பார். பிறகு பேக்கப் கதை வரும்.

அந்த 12 டெராபைட் டேட்டாபேஸுக்கு வாரத்துக்கு ஒரு முறை முழு பேக்கப், மற்ற நாள்களில் மாறிய பகுதிக்கு மட்டும் பேக்கப் என்று ஏற்பாடு. மாறியது கொஞ்சம்தான். ஆனாலும் தினமும் 9 மணி நேரம் ஓடி, காலையில் கடை திறந்த பிறகும் முடியாமல் எல்லாவற்றையும் மந்தமாக்கியது. ஏனென்றால், எது மாறியது என்று கண்டுபிடிக்கவே அந்த மென்பொருள் டேட்டாபேஸ் முழுவதையும் வாசித்துக்கொண்டிருந்தது. மாறிய பிளாக்குகளை உடனுக்குடன் ஒரு சிறு கோப்பில் குறித்துவைக்கும் வசதி ஆரக்கிளில் உண்டு, அது முடக்கப்பட்டிருந்தது. அவர் அனுமதி வாங்கி, சோதனைச் சர்வரில் பார்த்துவிட்டு, அதை இயக்கினார். பேக்கப் 2 மணி நேரத்தில் முடியத் தொடங்கியது.

இவ்வளவையும் செய்தவரின் ரெஸ்யூமேயில் இதற்கு இருந்த ஒரே தடயம் "ஆர்மேன்" என்ற ஒற்றைச் சொல்.

இன்னும் கொஞ்சம் கேட்டால் அடுத்ததும் வருகிறது. 11ஜி பதிப்புக்கு ஆரக்கிள் தந்துவந்த நீட்டிக்கப்பட்ட ஆதரவு 2020 டிசம்பரோடு முடிந்தது. அதையொட்டி 14 டேட்டாபேஸ்களை 19சி-க்கு மாற்ற வேண்டியிருந்தது. நான்கு பேர் குழு, அவர்தான் பொறுப்பு. எந்த வார இறுதியிலும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கடைகளின் வேலை நிற்கவில்லை.

இப்போது சம்மரியைத் திரும்ப எழுதலாம். ரெஸ்யூமே ஆங்கிலத்தில்தான் இருக்கும். அதன் உள்ளடக்கம் தமிழில் இப்படி அமையும்:

"ஐரோப்பிய சில்லறை வணிக நிறுவனம் ஒன்றின் 40 ஆரக்கிள் டேட்டாபேஸ்களைப் பராமரிக்கும் மூத்த நிர்வாகி, 11 ஆண்டு அனுபவம். 12 டெராபைட் டேட்டாபேஸின் தினசரி பேக்கப் நேரத்தை 9 மணியிலிருந்து 2 மணியாகக் குறைத்தார். 14 டேட்டாபேஸ்களை 19சி-க்கு மாற்றிய நால்வர் குழுவை வழிநடத்தினார். எந்த மாற்றத்துக்கும் சேவை 2 மணி நேரத்துக்கு மேல் நிற்கவில்லை. புதிய சர்வர் அமைக்கும் பணியை ஆன்சிபிள் மூலம் தானியங்கியாக்கி வருகிறார்; அடுத்து கிளவுடுக்கு மாற்றும் திட்டங்களில் பொறுப்பேற்க விரும்புகிறார்."

இருபது பெயர்களில் மூன்றுதான் மேலே தங்கின. ஆரக்கிள் இல்லாவிட்டால் அவர் யார் என்பதே தெரியாது. 19சி இல்லாவிட்டால் எங்கிருந்து எங்கே மாற்றினார் என்பது புரியாது. ஆன்சிபிள் அவர் போகும் திசையைக் காட்டுகிறது. பெயரை எடுத்தால் வாக்கியம் விழுந்துவிடுமா என்று கேட்டால் போதும். விழாது என்றால் அந்தப் பெயருக்கு இடம் கீழே. பேக்கப் பற்றிய வாக்கியத்தில் ஆர்மேன் என்ற சொல் இல்லை, வாக்கியம் நிற்கிறது.

கீழே போன பட்டியலையும் அப்படியே கொட்டிவிட முடியாது. வேலையை ஒட்டிப் பிரித்தால் தேடுபவருக்கும் படிப்பவருக்கும் எளிது: டேட்டாபேஸ், இயங்குதளம், தானியங்கி முறை, கிளவுட், கண்காணிப்பு என்று ஐந்து வரி. ஒவ்வொரு வரியிலும் நன்றாகத் தெரிந்தது முதலில். இரண்டு மாதம் தொட்டுப்பார்த்த டெராஃபார்மை, பத்து ஆண்டு கையாண்ட லினக்ஸோடு ஒரே மூச்சில் சொல்லாமல், "அறிமுகம் மட்டும்" என்று கடைசி வரியில் வைப்பது நேர்மை. நேர்முகத் தேர்விலும் அது காப்பாற்றும். எம்எஸ் ஆபீஸ், ஜிரா போன்றவற்றை 11 ஆண்டு அனுபவமுள்ளவர் எழுதத் தேவையில்லை. சுருக்கப் பெயரோடு முழுப் பெயரையும் ஒரு முறை எழுதிவிட வேண்டும். சிலர் ஏடபிள்யூஎஸ் என்று தேடுவார்கள், சிலர் அமேசான் வெப் சர்வீசஸ் என்று தேடுவார்கள்.

பட்டியலில் உள்ள பெயர் ஒவ்வொன்றும் வேலை அனுபவப் பகுதியில் எங்காவது ஒரு முறை வர வேண்டும். கோல்டன்கேட் என்று பட்டியலில் இருந்து, எந்த ப்ராஜெக்டிலும் அதைக் காணவில்லை என்றால், கேள்வி கேட்பவர் சரியாக அதையே எடுப்பார். பதில் தடுமாறினால் மற்ற பத்தொன்பதின் மேலும் சந்தேகம் விழும்.

அழகுக்காகச் சிலர் பட்டியலை நட்சத்திரங்களாகவும் நீலப் பட்டைகளாகவும் போடுகிறார்கள். "பைதான் 80 சதவீதம்" என்பதற்கு அளவுகோல் எதுவும் கிடையாது. படமாக வரைந்ததை ரெஸ்யூமேயை வாசிக்கும் மென்பொருள் பல நேரம் படிக்காது. இரண்டு பத்தி அமைப்பில் வரிகள் கலந்துபோவதும் நடக்கும். கோப்பைத் திறந்து முழுவதையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பார்த்தால் பெரும்பாலான கோளாறுகள் தெரிந்துவிடும். அங்கே பெயர்கள் காணாமல் போனாலோ வரிசை குழம்பினாலோ, அந்த வடிவத்தை மாற்றிவிடுவது நல்லது.

கதை எழுதச் சொன்னால் எண்களைக் கற்பனை செய்துவிடும் ஆபத்தும் இருக்கிறது. பேக்கப் நேரம் குறைந்தது உண்மை, ஆனால் எவ்வளவு என்று பதிவு இல்லை என்றால், 70 சதவீதம் என்று போடுவதைவிட "கடை திறப்பதற்குள் முடியும்படி செய்தார்" என்று எழுதுவது மேல். அது நினைவில் நிற்கும், கேட்டால் விளக்கவும் முடியும். குழு செய்ததைத் தான் செய்ததாக எழுதக் கூடாது. குழுவில் தன் பங்கு என்ன என்று எழுதலாம். வாடிக்கையாளரின் பெயரை வெளியிட ஒப்பந்தம் தடுத்தால், தொழில் வகையும் அளவும் போதும். நம் நிர்வாகி "ஐரோப்பிய சில்லறை வணிக நிறுவனம்" என்று நிறுத்திக்கொண்டது அதனால்தான்.

விதிவிலக்குகளும் உண்டு. ஆறு மாத ஒப்பந்த வேலைக்கு ஒரே கருவிக்காக ஆள் தேடுகிறார்கள் என்றால், அந்தக் கருவியின் பெயர் சம்மரியின் முதல் வரியிலேயே இருக்க வேண்டும். படிப்பு முடித்து வந்தவர்களிடம் சொல்ல இவ்வளவு இருக்காது; கல்லூரி ப்ராஜெக்ட் ஒன்றை ஒரே வாக்கியத்தில் சொல்லி, மீதியைப் பட்டியலுக்கு விட்டுவிடலாம்.

இரண்டையும் பிரித்துவிட்டால் பராமரிப்பும் எளிது. பட்டியலை ஆண்டுக்கு ஓரிரு முறை திருத்தினால் போதும். சம்மரியின் ஐந்து வாக்கியங்களை மட்டும் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் பார்க்க வேண்டும்: கிளவுட் வேலைக்கு விண்ணப்பித்தால் 19சி மாற்றம் முதலில், இரவுநேரப் பராமரிப்புப் பொறுப்புக்கு என்றால் பேக்கப் முதலில். ரெஸ்யூமே கையில் உள்ளவர்கள் இந்த வாரமே சம்மரியில் உள்ள கருவிப் பெயர்களை அடித்துவிட்டுப் படித்துப் பாருங்கள்; மிஞ்சுவது உங்களைப் பற்றியதாக இல்லை என்றால், உங்கள் பேக்கப் கதை எது என்று கூட வேலை பார்த்த ஒருவரிடம் கேளுங்கள்.