நடுக்கோடும் ரோஸ்மில்க் நிறமும்

ஒரு காட்சியை நாலு வரியில் எழுதிக் கொடுத்தால் அதைப் படமாகவோ சில விநாடி வீடியோவாகவோ ஆக்கித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இன்று பலர் கையில் இருக்கின்றன. அந்த நாலு வரிக்குத்தான் பிராம்ப்ட் என்று பெயர். அதில் பலரும் கேட்டுப் பார்க்கும் தோற்றம் ஒன்று உண்டு. ஆள் சரியாக நடுவில் நிற்பார். அவருக்கு இடமும் வலமும் அச்சடித்தாற்போல் ஒன்றாக இருக்கும். சுவரெல்லாம் வெளிறிய இளஞ்சிவப்பு, பச்சை, வெண்ணெய் நிறம். அமெரிக்க இயக்குநர் வெஸ் ஆண்டர்சனின் படங்கள் வழியாக உலகம் முழுக்கப் பழகிப்போன தோற்றம் இது.

கேட்டால் அழகான படம் கிடைத்துவிடுகிறது. ஆனால் சிரிப்பு வருவதில்லை. காரணம், இந்தச் சமச்சீர் வெறும் அலங்காரம் என்று நினைத்துக் கேட்பதுதான். நகைச்சுவையில் அதற்கு ஒரு வேலை இருக்கிறது. எல்லாம் ஒழுங்காக இருக்கும் ஓர் உலகத்தை நம் கண்ணுக்கு முதலில் பழக்கிவிட வேண்டும். பிறகு அதில் ஒரே ஒரு பொருள் தன் இடத்தை விட்டு நகர வேண்டும். கண் அந்த இடத்துக்கு ஓடும். சிரிப்பு அங்கேதான் பிறக்கும்.

ஆண்டர்சனின் 'தி கிராண்ட் புடாபெஸ்ட் ஹோட்டல்' (2014) படத்தை எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியில், போலந்து எல்லையை ஒட்டிய கோர்லிட்ஸ் நகரில் காலியாகக் கிடந்த ஒரு பழைய பல்பொருள் அங்காடிதான் ஹோட்டலின் உட்புறமாக மாறியது. வெளித்தோற்றத்துக்குச் சிறிய மாதிரி ஒன்றைச் செய்து படமெடுத்தார்கள். அரங்க வடிவமைப்புக்காக ஆடம் ஸ்டாக்ஹௌசனும் அன்னா பின்னாக்கும் ஆஸ்கர் பெற்றார்கள். கதையில் 1932-ஆம் ஆண்டுப் பகுதி முழுவதும் 1.37-க்கு 1 என்ற பழைய விகிதத்தில் எடுக்கப்பட்டிருக்கிறது. பழைய டிவித் திரையைப் போல ஏறக்குறைய சதுரமான சட்டம் அது. அகலத் திரையில் ஓர் ஆளை நடுவில் நிறுத்தினால் இரண்டு பக்கமும் வெற்றிடம் விழும். இந்தச் சட்டத்தில் அப்படி இல்லை. ஒருவர் நடுவில் நின்றாலே சட்டம் நிறைந்துவிடும். தலைக்கு மேலே கூரையும் தெரியும்.

கேமரா நிற்கும் விதமும் முக்கியம். ஒளிப்பதிவாளர் ராபர்ட் யோமனின் கேமரா பெரும்பாலும் பின்சுவருக்கு நேர் செங்குத்தாக நிற்கும். கேமரா ஒரு சாண் பக்கவாட்டில் விலகினாலும் தரை ஓடுகளின் கோடுகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து காட்டிக்கொடுத்துவிடும். மேலே இருப்பதைக் காட்ட கேமராவை அண்ணாந்து பார்க்க வைத்தால், நேராக நிற்க வேண்டிய தூண்கள் மேலே போகப்போக ஒன்றை நோக்கி ஒன்று சாயும். ஆகவே கேமராவைச் சாய்க்காமல் அப்படியே உயர்த்த வேண்டும். நகர்ந்தாலும் சுவருக்கு இணையாகவோ நேராக முன்னோக்கியோதான் நகர வேண்டும்.

அடுத்தது நிறம். வெள்ளை நிறைய கலந்து வெளுத்த நிறங்களைத்தான் பேஸ்டல் என்கிறோம். எல்லாமே வெளுத்துவிட்டால் ஆளும் சுவரும் ஒன்றாகக் கரைந்துபோவார்கள். மேலே சொன்ன படத்தில் ஹோட்டலின் முகப்பு இளஞ்சிவப்பு. ஆனால் பணியாளர் சீருடை அழுத்தமான ஊதா, லிப்டின் உட்புறம் பளிச்சென்ற சிவப்பு. வெளிறிய நிறங்கள் பின்னணிக்கு, அழுத்தமான நிறம் கண் போய் நிற்க வேண்டிய இடத்துக்கு என்று பிரித்துக்கொண்டால் போதும். சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். ஆள் சுவரிலிருந்து தனியாகத் தெரியவில்லை என்றால் நிறத் தேர்வு தவறு.

இப்போது ஒரு பிராம்ப்ட் எழுதிப் பார்க்கலாம். முதலில் எதைக் கலைக்கப் போகிறோம் என்று முடிவுசெய்ய வேண்டும். சிறிய நூலகம். மேசைக்குப் பின்னால் நூலகர். மேசையின் இருபுறமும் ஒரே உயரத்தில் இரண்டு புத்தக அடுக்குகள். அவர் முத்திரை குத்தும் அதிர்வில் இடப்பக்க அடுக்கின் மேல் புத்தகம் கீழே விழுகிறது. அவர் அதைப் பார்க்கிறார். குனிந்து எடுப்பார் என்று நாம் எதிர்பார்ப்போம். அவரோ வலப்பக்க அடுக்கின் மேல் புத்தகத்தையும் நிதானமாகத் தள்ளிவிட்டு, மறுபடி முத்திரை குத்தத் தொடங்குகிறார். சமச்சீரைக் காப்பாற்ற அவர் செய்யும் காரியமே இங்கே நகைச்சுவை. இதை எழுதும் வரிசை இப்படி இருக்கலாம்:

> நான்குக்கு மூன்று விகிதச் சட்டம். கேமரா பின்சுவருக்கு நேராக, நூலகரின் கண் உயரத்தில், அசையாமல் நிற்கிறது. சிறிய பழைய நூலகம். பிஸ்தா பச்சைச் சுவர், வெண்ணெய் நிற அலமாரிகள், ரோஸ்மில்க் நிற மேசை. மேசைக்குப் பின்னால் சரியாக நடுவில் ஒரே ஒரு நூலகர். ஐம்பது வயதுப் பெண், கத்திரிப்பூ நிறக் கோட்டு, உணர்ச்சி காட்டாத முகம். அவருக்கு இடமும் வலமும் ஒரே உயரத்தில் ஒவ்வொரு புத்தக அடுக்கு. இரண்டிலும் மேல் புத்தகம் மட்டும் சிவப்பு. முன்னாலிருந்து வரும் மென்மையான, சீரான வெளிச்சம். அவர் முத்திரை குத்துகிறார். இடது சிவப்புப் புத்தகம் விழுகிறது. அதைப் பார்க்கிறார். ஒரு விநாடி அசைவில்லை. வலது சிவப்புப் புத்தகத்தை ஒரு விரலால் தள்ளிவிடுகிறார். மீண்டும் முத்திரை குத்துகிறார்.

இதில் 'ஆண்டர்சன் பாணி' என்ற சொல்லே இல்லை. பெயரைச் சொன்னால் கருவி அவருடைய ஹோட்டலையும் தொப்பிகளையும் நம் நூலகத்துக்குள் கொண்டுவந்துவிடும். பண்புகளைச் சொன்னால் காட்சி நம்முடையதாகவே இருக்கும்.

'ஒரே ஒரு நூலகர்' என்று சொன்னதற்கும் காரணம் உண்டு. சமச்சீர் என்றதும் கருவி சில சமயம் ஆளையே இரட்டையாக்கி இடமும் வலமும் நிறுத்திவிடும். 'நிழல் வேண்டாம்' என்று எழுதாமல் வெளிச்சம் எப்படி விழ வேண்டும் என்று எழுதியதும் அப்படித்தான். வேண்டாததைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டால் பல கருவிகள் அதையே வரைந்துவிடுகின்றன. பெயர்ப்பலகையைத் தவிர்த்துவிட்டேன், எழுத்துகள் குழம்பி வருவது இன்னும் வழக்கமான பிழை.

வந்ததைச் சோதிக்கும்போது படத்தின் நடுவில் நேர்க்கோடு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அது நூலகரின் மூக்கின் வழியே போக வேண்டும். பிறகு இரு பக்க அலமாரித் தட்டுகளை எண்ணுங்கள். ஒரு பக்கம் ஐந்து, மறுபக்கம் ஆறு என்று வருவது அடிக்கடி நடக்கும். அதைச் சும்மா விடக் கூடாது. நாம் திட்டமிட்டுக் கலைக்கும் ஒன்றுக்கு முன்பே கண் அந்தப் பிழையில் சிக்கிக்கொண்டால் புத்தகம் விழும்போது சிரிப்பு எழாது. அலமாரியில் தட்டுகளைக் குறைத்து, எண்ணிக்கையையும் பிராம்ப்டிலேயே சொல்லிவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இரண்டாவது ஷாட் வேண்டுமானால் கேமராவை மூலைக்குக் கொண்டுபோகாதீர்கள். நூலகர் பார்க்கும் திசையையே நேராகப் பார்க்கும்படி திருப்புங்கள், அல்லது சரியாகப் பக்கவாட்டில் வையுங்கள். எதிரே நிற்கும் சிறுவனும் அதேபோல் சட்டத்தின் நடுவில், லென்ஸைப் பார்த்தபடி நிற்கட்டும். இரண்டு ஷாட்டும் ஒரே நடுக்கோட்டில் நின்றால்தான் அவை ஒரே உலகம் என்று பார்ப்பவர் ஏற்றுக்கொள்வார்.