எம்.சி.பி. விழவில்லை, பிளக் மட்டும் சுடுகிறது

புனே விமான நிலையத்தை ஒட்டியிருக்கும் விமான் நகர் அடுக்குமாடிகளில் கணபதி ஒன்றரை நாளும் தங்குவார், ஐந்து நாளும் தங்குவார், பத்து நாளும் தங்குவார். எத்தனை நாள் ஆனாலும் அவரைச் சுற்றிய விளக்கு மாலைகளை இரவிலும் அணைப்பதில்லை. அவர் போன கையோடு நம்மவர்கள் வீட்டில் கொலுப்படி எழும். அடுத்தது தீபாவளி. புத்வார் பேட்டையின் தப்கீர் கல்லியிலிருந்து வந்த சீரியல் லைட்டுகள் ஆகஸ்டு கடைசியில் ஏறினால் சில வீடுகளில் கார்த்திகை வரை இறங்காது. வீட்டில் இருப்பதோ சுவாமி இருக்கும் மூலைக்கு ஒரே ஒரு பிளக் பாயின்ட். அதில் ஓர் எக்ஸ்டென்ஷன் போர்டு, அந்தப் போர்டில் இன்னொன்று.

“அதிகமானால் எம்.சி.பி. விழுந்துவிடுமே, அப்புறம் என்ன பயம்?” என்பதுதான் எல்லோரும் சொல்லும் சமாதானம். இந்த நம்பிக்கை பாதிதான் சரி. மீதிப் பாதியில்தான் பிளக் கருகுகிறது.

ஒரு போர்டின் கணக்கு

ஒரு கொலு மூலையை எடுத்துக்கொள்வோம். எல்.இ.டி. மாலை எட்டு, ஒன்றுக்கு 8 வாட் என்றால் மொத்தம் 64. இரண்டு ஃபோகஸ் லைட் சேர்ந்து 60. பாட்டுக்கு ஒரு ஸ்பீக்கர் 60. எல்லாம் கூட்டினால் 184 வாட். இதை 230 வோல்ட்டால் வகுத்தால் 0.8 ஆம்பியர். சாதாரண பிளக் பாயின்ட் 6 ஆம்பியர், அதாவது சுமார் 1,380 வாட் தாங்கும். ஆக, விளக்கு எத்தனை மாட்டினாலும் எல்.இ.டி.யாக இருக்கும்வரை சுமை அதனால் வருவதில்லை. இந்த விஷயத்தில் பாவம், விளக்குகளைக் குறை சொல்லிப் பயனில்லை.

சாயங்காலம் தாம்பூலத்துக்கு ஆட்கள் வருகிறார்கள். காபிக்குத் தண்ணீர் கொதிக்க வைக்க 1,500 வாட் கெட்டிலை அதே போர்டில் செருகுகிறோம். பட்டுப் பாவாடை கசங்கியிருக்கிறது என்று 1,000 வாட் அயர்ன் பாக்ஸும் அங்கேயே. இப்போது மொத்தம் 2,684 வாட், ஏறக்குறைய 11.7 ஆம்பியர்.

அந்தச் சுற்றில் இருப்பது பெரும்பாலும் 10 அல்லது 16 ஆம்பியர் எம்.சி.பி. 16 என்றால் அதற்கு 11.7 ஒரு பொருட்டே இல்லை. 10 ஆம்பியர் எம்.சி.பி.யும் உடனே விழாது. குறித்த அளவைவிட 1.13 மடங்கு ஓடினால் ஒரு மணி நேரத்துக்கு விழக் கூடாது, 1.45 மடங்கு ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும் என்பதுதான் அதன் தயாரிப்பு விதி. நம் 11.7 இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கெட்டில் ஐந்து நிமிடத்தில் கொதித்து அணைந்துவிடும், எம்.சி.பி. அசையாமல் இருக்கும்.

அசைய வேண்டிய கடமையும் அதற்கு இல்லை. எம்.சி.பி. காப்பது சுவருக்குள் ஓடும் ஒயரை. நாம் கடையில் வாங்கி மாட்டிய போர்டின் ஒயர் எவ்வளவு மெல்லியது என்று அதற்குத் தெரியாது. மலிவான போர்டுகளில் வருவது 0.5 அல்லது 0.75 ஸ்கொயர் ஒயர். முதலாவது தாங்குவது 4 ஆம்பியர், இரண்டாவது 7. வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பதால், 7 ஆம்பியர் ஒயரில் 11.7 ஓடும்போது சூடு இரண்டே முக்கால் மடங்குக்கு மேல். அந்த ஒயரைச் சுருட்டிப் படிக்கட்டுத் துணிக்கு அடியில் தள்ளிவிட்டால் சூடு வெளியேற வழியும் இல்லை.

சூடு எங்கே பிறக்கிறது

ஒயரைவிட மோசமான இடம் பிளக் முள்ளும் சாக்கெட்டின் உள்தகடும் தொடும் இடம். எல்லா நாட்டுப் பிளக்கும் நுழையும் பெரிய ஓட்டை வைத்த போர்டுகளில் எந்த முள்ளும் இறுக்கமாக நிற்பதில்லை. புதிதில் இறுக்கமாக இருந்த சாக்கெட்டும் சூடேறி ஆறி, சூடேறி ஆறித் தகடு தளர்ந்துபோகும். தளர்ந்த இடத்தில் தொடுபரப்பு குறையும், அங்கே கரிபடியும், தடை கூடும். அந்தத் தடை வெறும் 0.2 ஓம் என்று வையுங்கள். 11.7 ஆம்பியர் ஓடினால் அங்கே மட்டும் 27 வாட் சூடு பிறக்கிறது. ரேடியோ ரிப்பேர்க்காரர் ஈயம் உருக்கும் 25 வாட் சால்டரிங் அயர்னை அந்தப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் செருகி வைத்ததற்குச் சமம்.

தளர்ந்த தொடுப்பால் மின்னோட்டம் கூடுவதில்லை, உண்மையில் கொஞ்சம் குறைகிறது. அதனால் எம்.சி.பி. இதைப் பார்ப்பதே இல்லை. மின்சாரம் வெளியே கசியவும் இல்லை என்பதால் ஆர்.சி.சி.பி.யும் பார்க்காது. நம் கையும் மூக்கும்தான் பார்க்க வேண்டும். அரை மணி நேரம் ஓடியபின் சுவிட்சை அணைத்து, பிளக்கை உருவி, முள்ளைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. விரலை வைத்திருக்க முடியாத சூடு என்றால் அந்தச் சாக்கெட் அன்றோடு சரி. ஓட்டையைச் சுற்றிப் பழுப்பு, கெட்டிலைப் போடும்போது விளக்கு மினுக்குவது, காதை வைத்தால் கேட்கும் சரசரப்பு, கருவாடு சுடுவது போன்ற நாற்றம் இவையும் அதே நோயின் அறிகுறிகள். கருகிய சாக்கெட்டை உப்புத்தாளால் தேய்த்து மறுபடி மாட்டுபவர்கள் உண்டு. சூடு பட்ட தகடு மீண்டும் இறுகாது, மாற்றத்தான் வேண்டும்.

தீர்வுக்குச் செலவும் அதிகமில்லை. சூடேற்றும் சாமான் எதுவும் எக்ஸ்டென்ஷனில் வேண்டாம், கெட்டிலும் அயர்ன் பாக்ஸும் சமையலறையின் 16 ஆம்பியர் பாயின்ட்டுக்குப் போகட்டும். போர்டில் போர்டைச் செருகாமல், நீளமான ஒயருள்ள ஒரே போர்டாக, ஒன்றரை ஸ்கொயர் ஒயரும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் பார்த்து வாங்கிவிடலாம்.

மூன்று வோல்ட் பல்பில் 230 வோல்ட்

“எல்.இ.டி.தானே, மூன்று வோல்ட், ஒன்றும் செய்யாது” என்று குழந்தையிடமே மாலையைக் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு பல்புக்கு மூன்று வோல்ட்தான். ஆனால் நேரடியாகச் சுவர்ப் பிளக்கில் மாட்டும் மாலையில் எழுபது, எண்பது பல்புகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்து 230 வோல்ட்டைப் பங்கிட்டுக்கொள்கின்றன. பல்புக்கும் பல்புக்கும் நடுவேதான் மூன்று வோல்ட். தரையில் வெறுங்காலோடு நிற்கும் ஆளுக்கும் மாலையின் பிய்ந்த ஒயருக்கும் நடுவே முழு வோல்ட்டேஜும் இருக்கலாம். இரண்டு முள் பிளக்கை எந்தப் பக்கமும் திருப்பிச் செருகலாம் என்பதால் எந்த முனையில் ஃபேஸ் இருக்கிறது என்றும் சொல்ல முடியாது.

விமான் நகரில் இதோடு மழையும் பால்கனிக் கிரில்லும் சேர்கின்றன. கணபதி வருவதே பருவமழை முடியாத நாட்களில். கிரில் கம்பியில் மாலையைச் சுற்றி, கட்டுக்கம்பியால் இறுக்கி, அறுந்த இடத்தை முறுக்கி டேப் ஒட்டியிருப்பார்கள். நனைந்த டேப் ஒட்டாது. கட்டுக்கம்பி மெல்லிய உறையை வெட்டிவிடும். கிரில் முழுக்க ஃபேஸ் ஏறும். கிரில்லுக்கு எர்த் இல்லாததால் மின்சாரம் போக வழியின்றி அப்படியே காத்திருக்கும், மாலை நன்றாகவே எரியும். காலையில் ஈரக் கையோடு துணி உலர்த்த வருபவர் அதைத் தொடும்போதுதான் வழி கிடைக்கிறது.

ஈர உடம்பின் தடை சுமார் 1,000 ஓம் என்றால் 230 மில்லி ஆம்பியர் ஓடும். 10 மில்லி ஆம்பியரிலேயே கைத்தசை இறுகிப் பிடியை விட முடியாமல் போகலாம். 30-ஐத் தாண்டிச் சில நொடி நீடித்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு 230 மில்லி ஆம்பியர் என்பது ஒரு சின்ன பல்பு. இங்கே உயிர் காப்பது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மட்டுமே. போன மின்சாரம் திரும்பி வரவில்லை என்று கண்டு நொடியின் சிறு பகுதிக்குள் துண்டித்துவிடும். மெயின் பெட்டியில் ‘டி’ என்று எழுதிய பொத்தான் இருந்தால் அதுதான். பண்டிகைக்கு முந்தின நாள் அதை அழுத்துங்கள். விழவில்லையென்றால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். வாடகை வீட்டில் அந்தப் பொத்தானே இல்லையென்றால் வீட்டுக்காரரிடம் கேட்கலாம், கேட்பதில் தவறில்லை. ஒரு கையால் ஃபேஸும் மறு கையால் நியூட்ரலும் தொடுபவரை மட்டும் அதனாலும் காப்பாற்ற முடியாது, அவரை அது இன்னொரு பல்பு என்றே எண்ணும்.

பால்கனிக்கு என் சிபாரிசு அடாப்டர் வைத்த மாலை. 24 அல்லது 31 வோல்ட்டாகக் குறைக்கும் அடாப்டர் வீட்டுக்குள் இருக்கும், வெளியே போவது குறைந்த வோல்ட்டேஜ் ஒயர் மட்டும். அதை நூலாலோ பிளாஸ்டிக் டையாலோ கட்டுங்கள்.

ஷாக் அடித்தால்

முதலில் மெயினை அணையுங்கள். அது எட்டாத தூரத்தில் என்றால், காய்ந்த பலகை மேல் நின்று, காய்ந்த மரக்கட்டையால் ஒயரைத் தள்ளுங்கள். பிடித்து இழுக்கப் போய் இருவராகிவிடக் கூடாது.

பேச்சு மூச்சில்லை, அல்லது திக்கித் திணறுகிற மூச்சு என்றால் 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு நெஞ்சின் நடுவே இரு கையையும் வைத்து அழுத்தத் தொடங்குங்கள். 5 செ.மீ. ஆழம் இறங்க வேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்த வேண்டாம். ஷாக்கில் நின்ற இதயம் பெரும்பாலும் நல்ல இதயம்தான், தாளம் தவறியிருக்கிறது. அதனால் இந்த அழுத்தத்துக்கும் மருத்துவமனை தரும் மின்னதிர்ச்சிக்கும் அது திரும்ப நல்ல வாய்ப்புண்டு.

போர்டு தீப்பற்றினால் மெயினை அணைக்கும்வரை தண்ணீர் ஊற்றாதீர்கள். சொசைட்டி மாடிப்படியில் தொங்கும் பவுடர் சிலிண்டர் இதற்கு உதவும். துணி அலங்காரம் பற்றிக்கொண்டுவிட்டால் ஆட்களோடு வெளியேறி 101-ஐ அழையுங்கள். கம்பத்து ஒயரோ மீட்டர் பெட்டியோ பொறி விட்டால் மகாவிதரணின் 1912.

தீக்காயத்தில் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீர் ஓடட்டும், பேஸ்ட்டும் மஞ்சளும் வேண்டாம். மின்சாரம் நுழைந்த இடத்திலும் வெளியேறிய இடத்திலும் சின்னப் புள்ளிகளே தெரிந்தாலும் நடுவில் தசை வெந்திருக்கலாம். ஷாக் அடித்து மயங்கியவர், படபடப்பு இருப்பவர், கர்ப்பிணி, ஒரு கையில் ஏறி மறு கையில் இறங்கியவர் எல்லோருக்கும் அன்றே ஒரு ஈ.சி.ஜி. தேவை, எழுந்து சிரித்துப் பேசினாலும்.

தவழும் குழந்தை மாலையைக் கடித்துவிட்டால் வேறொரு ஆபத்து உண்டு. உதட்டோரத்தில் வெள்ளையாக ஒரு சிறு புண் இருக்கும், ரத்தம் வராது, வலியும் அவ்வளவாக இருக்காது. ஒரு வாரம், பத்து நாள் கழித்துப் பொருக்கு உதிரும்போது அதன் அடியிலிருக்கும் ரத்தக்குழாய் திறந்து குபுகுபுவென்று கொட்டலாம். கடித்த அன்றே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். பிறகு ரத்தம் வந்தால் உதட்டை உள்ளும் புறமுமாகக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே அழுத்திப் பிடித்தபடியே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.