பதினேழும் பதின்மூன்றும் முப்பதுதான், ஆனால்…

காங்கேயத்தில் ஒரு தேங்காய் எண்ணெய் ஆலைக்கு, பாட்டிலில் எண்ணெய் நிரப்பும் சின்ன மெஷின் ஒன்று செய்து தர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கன்வேயரில் பாட்டில்கள் வரும். நான்கு நான்காக நிறுத்தி, மேலிருந்து நான்கு குழாய்கள் இறங்கி நிரப்பிவிட்டு ஏறும். இதை இயக்கும் மூளைதான் பிஎல்சி என்கிற கன்ட்ரோலர். அதில் செய்தி உள்ளே வரும் முனைகள் இன்புட், கட்டளை வெளியே போகும் முனைகள் அவுட்புட். எத்தனை முனை உள்ள கன்ட்ரோலர் வாங்குவது?

மெஷினைச் சுற்றி நடந்தே எண்ண வேண்டும். ஸ்டார்ட், ஸ்டாப், ரீசெட், ஆட்டோ-மேனுவல் சுவிட்ச்: நான்கு இன்புட். அவசர நிறுத்தப் பொத்தான் தானாகவே மின்சாரத்தைத் துண்டிக்கும்படி தனி சேஃப்டி ரிலேயில் இருக்க வேண்டும். கன்ட்ரோலருக்கு அதிலிருந்து ‘அழுத்திவிட்டார்கள்’ என்ற தகவல் மட்டும் ஒன்று. பாட்டில் வருவதையும் போவதையும் பார்க்கும் சென்சார் இரண்டு. பாட்டிலை மறிக்கும் இரண்டு சிலிண்டர், குழாய்களை இறக்கும் சிலிண்டர் ஒன்று. ஒவ்வொன்றும் நீண்டதா, சுருங்கியதா என்று சொல்ல இரண்டிரண்டு ரீட் சுவிட்ச், ஆக ஆறு. தொட்டியின் எண்ணெய் மட்டத்துக்கு இரண்டு, காற்றழுத்தத்துக்கு ஒன்று, கன்வேயர் டிரைவ் பழுது என்று சொல்ல ஒன்று. மொத்தம் 17.

அவுட்புட்டில் கன்வேயர், பம்ப், மூன்று சிலிண்டர்களின் சோலனாய்டு வால்வுகள், நான்கு நிரப்பும் வால்வுகள், மூன்று வண்ண விளக்கு, பஸ்ஸர். மொத்தம் 13.

பதினேழும் பதின்மூன்றும் சேர்ந்தால் முப்பது. கடையில் ‘32 பாயின்ட்’ என்று ஒன்று கிடைக்கிறது, இரண்டு மிச்சம் கூட இருக்கிறது என்று வாங்கிவிடுவார்கள். அது 16 இன்புட், 16 அவுட்புட் உள்ளதாக இருந்தால், மூன்று அவுட்புட் சும்மா கிடக்க, ஒரு இன்புட் போதாமல் மெஷின் நிற்கும். இன்புட்டையும் அவுட்புட்டையும் கூட்டவே கூடாது. தனித்தனியாகத்தான் ஒப்பிட வேண்டும்.

மிச்சம் எவ்வளவு விடலாம் என்று கேட்டால் தொழிலில் ‘20 சதவீதம்’ என்பார்கள். 17-க்கு அது 21. இந்தக் கணக்கு வசதியானது, ஆனால் கண்மூடித்தனமானது. அதைவிட, ஆலைக்காரர் ஆறு மாதத்தில் என்ன கேட்பார் என்று எழுதிப் பார்ப்பது மேல். கண்ணாடிக் கதவைத் திறந்தால் நிற்கட்டும் என்பார்: இரண்டு சுவிட்ச். மூடி இருக்கிறதா பார் என்பார்: ஒரு சென்சார். மூடியில்லாததைத் தள்ளிவிடு என்பார்: ஒரு சிலிண்டர், அதற்கு இரண்டு ரீட் சுவிட்ச். இன்புட் ஐந்து கூடி 22 ஆகிறது, அவுட்புட் ஒன்றே கூடி 14. சதவீதம் சொன்ன 21 போதவில்லை. ஒரு சிலிண்டர் சேர்த்தாலே ஒரு அவுட்புட்டுக்கு இரண்டு இன்புட் செலவாகும் என்பதால், பிற்காலத் தேவை பெரும்பாலும் இன்புட் பக்கம்தான் குவிகிறது. 24 இன்புட், 16 அவுட்புட் கொண்ட 40 பாயின்ட் மாடல் இங்கே சரியாக இருக்கும். 64 பாயின்ட் வாங்கி பெருமைப்பட ஒன்றுமில்லை. இதே மெஷினைப் பத்து செய்பவருக்கு அது பத்து முறை வீண் செலவு.

எண்ணிக்கை சரியானாலும் வகை தவறலாம். இந்த மெஷின் நிமிடத்துக்கு 24 பாட்டில் நிரப்பினால், ஒவ்வொரு நிரப்பும் வால்வும் நிமிடத்துக்கு ஆறு தடவை திறக்கும். ஒரு நாள் எட்டு மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் என்றால் 8.6 லட்சம் தடவைக்கு மேல். ரிலே அவுட்புட்டின் தொடுமுனைகள் சுமையைப் பொறுத்து ஒரு லட்சம் முதல் சில லட்சம் தடவைதான் தாங்கும், ஓராண்டுக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளலாம். வால்வு மூடாமல் எண்ணெய் வழியும்போதுதான் தெரியவரும். அடிக்கடி இயங்கும் இடத்துக்கு டிரான்சிஸ்டர் அவுட்புட் கேட்க வேண்டும். அது டிசி மின்சாரத்துக்கு மட்டுமானது, பெரும்பாலும் ஒரு முனைக்கு அரை ஆம்பியர் அளவே தரும். ஆகவே வால்வுகளை 24 வோல்ட் டிசியில் வாங்கி, காயிலின் மின்னோட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பம்பு போன்ற பெரிய சுமைக்கு நடுவில் ஒரு தனி ரிலே.

அதேபோல், பின்னாளில் எண்ணெயை அளக்க வேகமாகத் துடிப்பு அனுப்பும் ஃப்ளோ மீட்டர் மாட்டும் எண்ணமிருந்தால், ஹைஸ்பீடு இன்புட் வேண்டும். பல கன்ட்ரோலர்களில் முதல் சில இன்புட்டுகள் மட்டுமே அந்த வேகம் கொண்டவை. அவற்றில் ஸ்டார்ட் பொத்தானை மாட்டிவிட்டால், பின்னால் ஐந்து இன்புட் காலியாக இருந்தும் மீட்டருக்கு இடமிராது. எண்ணும்போதே அந்த முனைகளுக்கு ‘ஒதுக்கியது’ என்று எழுதிவிட வேண்டும்.

எக்ஸ்பான்ஷன் மாட்யூல் சேர்த்துக்கொள்ளலாமே என்பார்கள். சேர்க்கலாம், பேனலில் கன்ட்ரோலரின் பக்கத்தில் இடம் விட்டிருந்தால், 24 வோல்ட் பவர் சப்ளைக்குத் தெம்பு இருந்தால். காலி முனைகளுக்கும் இப்போதே டெர்மினல் ஸ்ட்ரிப் வரை கம்பி இழுத்து, ஒயருக்கு எண் போட்டு, வரைபடத்திலும் காட்டிவிட வேண்டும். ஒரு அவுட்புட் எரிந்துபோனால்கூட, எலக்ட்ரீஷியன் ஒயரை அந்தக் காலி முனைக்கு மாற்றி, புரோகிராமில் முகவரியைத் திருத்தி, அன்றைக்கே மெஷினை ஓட்டிவிடுவார்.