இரு கண்ணிகளுக்கு நடுவே ஒரு மின்னோட்ட மூலம்

மின்னோட்ட மூலம் ஓட்டத்தை மட்டுமே நிர்ணயிக்கிறது. அதன் மின்னழுத்தத்தைச் சுற்றியுள்ள சுற்றுதான் முடிவு செய்யும். அதனால் அது இரு கண்ணிகளுக்குப் பொதுவாக நின்றால், எதிலும் மின்னழுத்த விதியை நேரடியாக எழுத முடியாது. இடக்கண்ணியில் 24 வோல்ட் மின்கலமும் 2 ஓம் தடையும், வலக்கண்ணியில் 4 ஓம் தடையும், நடுவே மேல்நோக்கிச் செலுத்தும் 3 ஆம்பியர் மூலமும் இருக்கட்டும். மின்கலமும் இரு கண்ணியோட்டங்களும் வலஞ்சுழி. நடுக்கிளையை விட்டு வெளிவிளிம்பைச் சுற்றும் சூப்பர்மெஷ் 2i₁ + 4i₂ = 24 என்று தருகிறது; மூலம் தருவது i₂ − i₁ = 3. விடை 2, 5 ஆம்பியர்.

கிளையை ஒதுக்குவது சரியா? சரிதான்: மூலத்தின் மின்னழுத்தம் v எனில் 24 = 2i₁ + v, v = 4i₂; கூட்டினால் v நீங்கி அதே சமன்பாடு கிடைக்கும். திசை தவறி i₁ − i₂ = 3 என எழுதினால் 6, 3 வரும்; மின்னழுத்தக் கணக்கும் பொருந்தும்! மேல்சந்திதான் பிழையைக் காட்டும்: அங்கே 9 ஆம்பியர் நுழைய, 3 மட்டுமே வெளியேறுகிறது.