ஒரு போன் நம்பரை மாற்ற ஒரிஜினல் எதற்கு?

"சார், இதில் கடைசி ரெண்டு நம்பரை மட்டும் மாத்தி, அப்படியே பிரிண்டுக்குக் கொடுத்துடுங்க." இந்த வரியோடு ஒரு நோட்டீஸ் படமும் வந்து சேரும். டிசைனர்களுக்கு இது அன்றாடம் வரும் வேலை. அனுப்புகிறவருக்கு இது ஐந்து நிமிட வேலையாகத் தெரிகிறது. போனில் பார்க்கும்போது படம் பளிச்சென்று இருக்கிறது, எண்ணும் தெளிவாகப் படிக்க முடிகிறது. அப்படியிருக்க, "ஒரிஜினல் ஃபைல் அனுப்புங்கள்" என்று பதில் வந்தால், வேலையைத் தட்டிக்கழிக்கிறார்கள் என்றோ கூடுதல் பணம் கேட்க வழி தேடுகிறார்கள் என்றோ அவர் நினைப்பது இயல்பு. அதனால் அந்தப் பதிலைக் காரணத்தோடு எழுத வேண்டியிருக்கிறது.

ஒரு இனிப்புக் கடையின் ஏ4 அளவு தீபாவளி நோட்டீஸை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். வாட்ஸ்அப் வழியாக வந்த படத்தின் அளவு 905 × 1280 பிக்சல். பிக்சல் என்பது ஒரே ஒரு நிறம் மட்டும் கொண்ட சின்னஞ்சிறு சதுரம். ஏ4 தாளின் அகலம் 8.27 அங்குலம். 905 சதுரங்களை அந்த அகலத்தில் பரப்பினால் அங்குலத்துக்கு ஏறத்தாழ 109 வரும். நல்ல அச்சுக்கு 300 இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அதாவது இதே தாளுக்கு 2480 × 3508 பிக்சல் தேவை. இங்கே இருப்பது அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான்.

இந்தக் கணக்கை எழுத்தளவில் பார்த்தால்தான் சிக்கல் புரியும். போன் எண் 4 மில்லிமீட்டர் உயரத்தில் அச்சாகிறது என்று வைத்துக்கொண்டால், ஒவ்வோர் இலக்கமும் சுமார் 17 பிக்சல் உயரம்தான். அதன் கோட்டின் தடிமன் இரண்டே பிக்சல். இரண்டு சதுரத்தைக் கொண்டு 9-இன் வளைவை வரைய முடியாது. அதனால் ஓரங்களில் பாதி கறுப்பும் பாதி பின்னணி நிறமும் கலந்த சாம்பல் சதுரங்கள் வருகின்றன. போனின் சிறிய திரை அதை மறைத்துவிடுகிறது. தாளில் அது மங்கலாக, கொஞ்சம் ஊறினாற்போல விழுகிறது. கீழே முகவரி இன்னும் சிறியது. 2 மில்லிமீட்டர் எழுத்துக்குக் கிடைப்பது எட்டு, ஒன்பது பிக்சல். அதற்குள் ண, ன இரண்டின் சுழிகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். புள்ளி ஒரு மங்கலான கறையாகிவிடும்.

ஜேபெக் சுருக்கம் தரும் தொந்தரவு தனி. இந்த முறை படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் தெரியாத நுணுக்கங்களைக் கழித்துவிடுகிறது. முகம், வானம், லட்டு போன்றவற்றில் இது தெரிவதே இல்லை. ஆனால் எழுத்தின் கூர்மையான ஓரம்தான் இந்தக் கணக்குக்குப் பிடிபடாத இடம். அங்கே எழுத்தைச் சுற்றிலும் அழுக்குத் தூசி படிந்தாற்போல நிறத் துணுக்குகள் சிதறும். படத்தை 400 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தால் யாருக்கும் தெரியும்.

இப்போது அந்த இரண்டு இலக்கங்களை அழித்துப் பாருங்கள். நோட்டீஸின் பின்னணி சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு மெல்ல மாறுகிறது. டிசைன் செய்த ஃபைலில் பின்னணி ஒரு அடுக்கு, எழுத்து அதன் மேல் இன்னோர் அடுக்கு. எழுத்தை நீக்கினால் கீழே பின்னணி முழுசாக இருக்கும். ஜேபெக் ஆக்கியதும் எல்லா அடுக்கும் ஒன்றாகிவிட்டன. எண்ணுக்கு அடியில் பின்னணி என்று ஒன்று கிடையாது. பக்கத்து நிறத்தை எடுத்துப் பூசி நாம்தான் ஊகித்து உண்டாக்க வேண்டும். அதன்மேல் புதிதாக 64 என்று அடித்தால், அது கத்தி போலக் கூர்மையாக நிற்கும். பக்கத்திலுள்ள எட்டு இலக்கங்களும் மங்கல். எண் மாறிய இடம் எது என்று நோட்டீஸை வாங்குகிறவர்கள் விரல் வைத்துக் காட்டிவிடுவார்கள். புதியதையும் வேண்டுமென்றே மங்கலாக்கலாம். அப்போது வாடிக்கையாளர் அழைக்க வேண்டிய எண்ணே சரியாகத் தெரியாமல் போகும்.

"ரெசல்யூஷனை 300 ஆக்கிவிடுங்களேன்" என்று சிலர் கேட்பார்கள். மென்பொருளில் அந்த எண்ணை மாற்ற முடியும். ஆனால் புதிதாகச் சேரும் சதுரங்கள் பக்கத்துச் சதுரங்களின் சராசரியிலிருந்து பிறந்தவை. படம் பெரிதாகும், எழுத்து தெளியாது.

இத்தனையையும் மின்னஞ்சலில் கொட்டினால் யாரும் படிக்க மாட்டார்கள். அந்த எண்ணின் பகுதியை மட்டும் வெட்டி, பெரிதாக்கி இணைப்பதே பாதி விளக்கம். எதைக் கேட்கிறோம், அது யாரிடம் கிடைக்கும், கிடைக்காவிட்டால் என்ன வழி என்ற மூன்றும் இருந்தால் போதும். நான் இப்படி எழுதுவேன்:

வணக்கம் சார்,

நோட்டீஸ் கிடைத்தது. எண்ணை மாற்றுவது எளிதுதான். ஆனால் வந்திருப்பது படம் மட்டுமே, அதில் எழுத்துகள் எழுத்துகளாக இல்லை. எண் இருக்கும் இடத்தைப் பெரிதாக்கி இணைத்திருக்கிறேன், பாருங்கள். புதிய எண்ணை இதன்மேல் வைத்தால் ஒட்டுப்போட்டது போலத் தெரியும். ஏ4 அளவில் அச்சிட்டால் மற்ற எழுத்துகளும் மங்கலாகவே வரும்.

முதலில் டிசைன் செய்தவரிடமோ அச்சகத்திலோ இதன் ஒரிஜினல் ஃபைல் இருக்கும். பெயர் .cdr, .psd, .ai அல்லது .pdf என்று முடியும். அதில் பயன்படுத்திய எழுத்துருவையும் கேட்டு வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போட்டோவாக வேண்டாம், டாக்குமெண்டாக அனுப்புங்கள். கிடைத்தால் இன்றே முடித்துவிடலாம்.

கிடைக்காவிட்டால் இதே அமைப்பில் புதிதாகச் செய்து தருகிறேன். அதற்கு ஆகும் நாளையும் செலவையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நோட்டீஸை அச்சடிக்காமல் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் மட்டும் வைப்பதாக இருந்தால், இந்தப் படத்திலேயே ஓரளவு சரிசெய்துவிடலாம். எது வேண்டும் என்று சொல்லுங்கள்.

எழுத்துருவைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. தமிழ் டிடிபி வேலையில் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்கள் இன்னும் நிறையப் புழங்குகின்றன. ஃபைல் இருந்து எழுத்துரு இல்லையென்றால், முகவரி முழுவதும் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகத் திறக்கும். சில அச்சகங்கள் இதைத் தவிர்க்க எழுத்துகளை வெறும் கோட்டோவியங்களாக மாற்றிக் கொடுக்கும். அதில் தட்டச்சு செய்து திருத்த முடியாது. ஆனால் வடிவம் கூர்மையாக இருக்கும், பின்னணி தனியாகக் கிடைக்கும். இரண்டு இலக்கத்தை நீக்கிப் புதிதாக வைக்க அதுவே போதும்.

ஃபைல் வந்ததும் ஒரு சோதனை செய்துவிட வேண்டும், ஏனென்றால் பெயரின் முடிவு ஏமாற்றும். அதே வாட்ஸ்அப் படத்தை ஒரு பிடிஎஃப்புக்குள் போட்டு, "இதோ ஒரிஜினல்" என்று அனுப்புவது அடிக்கடி நடக்கிறது. பிடிஎஃப்பை 800 சதவீதத்துக்குப் பெரிதாக்குங்கள். எழுத்தின் ஓரம் அப்போதும் வழவழவென்று இருந்தால் சரியான ஃபைல். படிக்கட்டு போலச் சதுரங்கள் தெரிந்தால் அது பழைய படமேதான். அடோபி ரீடரில் Properties என்ற பகுதியில் Fonts பட்டியலையும் பார்க்கலாம். அதில் எழுத்துருப் பெயர்கள் இருந்தால் எழுத்து எழுத்தாகவே இருக்கிறது என்று அர்த்தம். பட்டியல் காலியாக இருந்தாலும் உடனே ஒதுக்கிவிடக் கூடாது. கோட்டோவியமாக மாற்றிய ஃபைலிலும் பட்டியல் காலியாகத்தான் இருக்கும். அங்கே பெரிதாக்கிப் பார்ப்பதுதான் தீர்ப்பு.