சலவையில் கரையும் வெள்ளி

வியர்வைக்குத் தனியாகப் பெரிய வாடை இல்லை. தோலிலுள்ள பாக்டீரியாக்கள் அதைச் சிதைக்கும்போதுதான் நாற்றம் பிறக்கிறது. துணியில் சேர்த்த வெள்ளி, ஈரம் பட்டதும் அயனிகளை வெளிவிட்டு அந்தக் கிருமிகளைத் தாக்கும். கணக்கு சரிதான், ஆனால் அயனி வெளியேற வேண்டுமென்றால் வெள்ளி குறைந்தாக வேண்டும்.

2008இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கடையில் வாங்கிய ஆறு வகைக் காலுறைகளைத் தண்ணீரில் அலசிப் பார்த்தார்கள். சிலவற்றில் நான்கே அலசலில் வெள்ளி கிட்டத்தட்ட முழுவதும் போய்விட்டது. வேறு சிலவற்றிலிருந்து மிகக் குறைவாகவே வெளியேறியது. வெள்ளியைத் துணியோடு சேர்த்த விதம்தான் இந்த வேறுபாட்டுக்கு முக்கியக் காரணம். மேலே பூசிய வெள்ளி எளிதில் கழன்றுவிடும். இழைக்குள் கலந்தது நின்று நிதானமாகவே வெளியேறும்.

வெள்ளி மிஞ்சியிருந்தாலும் நாற்றம் குறையும் என்ற உறுதி இல்லை. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் வெள்ளிக் குளோரைடு ஏற்றிய பாலியெஸ்டர், ஆய்வகத்தில் கிருமிகளைக் கொன்றது. மனிதர்கள் அணிந்தபோதோ சாதாரணத் துணியைவிடக் குறைவாக நாறவில்லை. வியர்வையின் எண்ணெய்ப்பசையைப் பாலியெஸ்டர் விடாமல் பிடித்துக்கொள்வது இன்னொரு சிக்கல்.

வாங்கும்போது, வெள்ளி இழைக்குள் இருக்கிறதா, எத்தனை சலவைக்குச் சோதிக்கப்பட்டது என்று கேளுங்கள். குளோரின் பிளீச் போடாதீர்கள். பதில் கிடைக்காவிட்டால், கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.