‘வழி விடுக’ என்றால் யார், யாருக்கு வழிவிட வேண்டும்? சாலைக் குறியீடுகளின் தமிழ்ச் சொற்கள்

இந்தியச் சாலைகளில் உள்ள கட்டாயக் குறியீடுகளுக்கு வாகன ஓட்டிகள் கீழ்ப்படிய வேண்டும் என்கிறது 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். குறியீட்டின் வடிவம் நாடெங்கும் ஒன்றே. அதற்குத் தமிழில் பெயர் சூட்டும்போதுதான் சிக்கல் எழுகிறது. சொல் சிறியதாக இருக்க வேண்டும், பொருளும் பிசகக் கூடாது.

தலைகீழ் முக்கோணத்தை எடுத்துக்கொள்வோம். சிவப்பு விளிம்பு, உள்ளே வெறும் வெள்ளை, எழுத்து ஏதுமில்லை. இதை ‘வழி விடுக’ என்கிறோம். ஆனால், ‘எனக்கு வழி விடுங்கள்’ என்று பிறரிடம் கேட்பதே நமக்குப் பழக்கம் என்பதால், புதிதாக ஓட்டப் பழகுபவர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்ளக்கூடும். கட்டளை, பலகையைப் பார்ப்பவருக்கே உரியது. கிளைச் சாலையிலிருந்து நெடுஞ்சாலையில் சேரும் ஒருவர், அங்கே செல்லும் வாகனங்களை முதலில் போகவிட வேண்டும். சாலை காலியாக இருந்தால் நிற்காமலே சேரலாம். எண்கோணச் சிவப்புப் பலகையின் ‘நில்’ அப்படியன்று. எதிரே வாகனமே இல்லாவிட்டாலும் சக்கரம் முழுமையாக நின்றாக வேண்டும். இரண்டையும் ‘நின்று செல்க’ என்று பெயர்த்தால் இந்த வேறுபாடே மறைந்துவிடும்.

சிவப்பு வட்டத்தின் நடுவே வெள்ளைப் பட்டை இருந்தால் ‘நுழையாதீர்’. இதை ‘அனுமதி இல்லை’ என்று எழுதுவது பொருந்தாது. அது அலுவலகக் கதவுக்கு ஏற்ற சொல். ஒருவழிச் சாலையின் வெளியேறும் முனையில் இந்தக் குறியீடு இருக்கும். அந்தச் சாலை மூடப்பட்டதன்று. உள்ளிருந்து வாகனங்கள் நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கும். ஆபத்தும் அதில்தான். இரு திசையிலும் வாகனங்களுக்குத் தடை என்பதற்கு வேறு குறியீடு உண்டு: சிவப்பு விளிம்புடன் வெற்று வெள்ளை வட்டம்.

தமிழின் இயல்பாலேயே வரும் குழப்பமும் ஒன்று உண்டு. ‘நிறுத்து’ என்ற ஒரே சொல், ஓடும் வண்டியை நிற்கச் செய்வதையும் அதை ஓரிடத்தில் விட்டுச் செல்வதையும் குறிக்கிறது. நீல வட்டத்தில் ஒரு சிவப்புக் கோடு இருந்தால் வண்டியை அங்கே விட்டுச் செல்லக் கூடாது. பயணியை இறக்கிவிட்டு உடனே கிளம்பலாம். குறுக்காக இரு கோடுகள் இருந்தால் அதற்கும் இடமில்லை. இரண்டுக்கும் ‘வாகனம் நிறுத்தக் கூடாது’ என்றே எழுதுவதால், படிப்பவர் ஒரு கோட்டையும் இரு கோட்டையும் ஒன்றெனக் கொள்கிறார். முதலாவதை ‘நிறுத்திவைக்காதீர்’ என்றும் இரண்டாவதை ‘நிற்காதீர்’ என்றும் பிரித்து எழுதினால், கூடுதல் விளக்கம் தேவைப்படாது.